ஒன்றே முக்கால் மணி நேர வகுப்பு வீடியோவை ஒரு பக்க அட்டையாக்க வேண்டும்: எதை விடுவது?

செல்வி_லேப்

வணக்கம். நடுத்தர அளவிலான ரத்தப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் சாம்பிள் எடுக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு எங்கள் மூத்த டெக்னீஷியன் நடத்திய வகுப்பை ஜூமில் பதிவு செய்து வைத்திருக்கிறோம். ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். நல்ல வகுப்புதான், ஆனால் சேர்ந்த முதல் நாள் பார்த்ததோடு சரி, அப்புறம் யாரும் அதைத் திறப்பதில்லை. நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருக்கும்போது "அக்கா, இதுக்கு எந்த ட்யூப்?" என்று என்னிடம்தான் ஓடி வருகிறார்கள்.

மேலாளர், "அதை ஒரே பக்கத்தில் சுருக்கி நாற்காலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள்" என்கிறார். வீடியோவை ஓடவிட்டுக் குறிப்பு எடுத்தேன். நாலு பக்கம் வந்திருக்கிறது. எழுத்தைப் பொடியாக்கினால் இரண்டு பக்கத்தில் அடங்கும், ஆனால் அதை யார் படிப்பார்கள்? எதைத் தொட்டாலும் முக்கியமாகத்தான் தெரிகிறது. எதை வைத்து வெட்டுவது? தமிழில் போடுவதா, ஆங்கிலத்தில் போடுவதா?

வினோத்_எடிட்ஸ்

இது சுலபம். வீடியோவைத் துண்டு துண்டாக வெட்டி, ஒரு நிமிட ரீல்களாக வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். மேலே எழுத்து ஓடவிட்டால் போதும். வேண்டுமென்றால் நானே செய்து தருகிறேன்.

செல்வி_லேப்

நன்றி தம்பி. ஆனால் நான் கேட்டது காகித அட்டை. கையில் க்ளவுஸ் போட்டிருக்கும்போது செல்போனைத் தொட விட மாட்டோம்.

ராஜி_எச்ஆர்

எங்கள் அலுவலகத்தில் இப்படி நிறையச் செய்திருக்கிறோம். வகுப்பில் காட்டிய ஸ்லைடுகளின் தலைப்புகளை வரிசையாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே இரண்டு வரி. அதுதான் சுருக்கம். வகுப்பின் வரிசையை மாற்றாதீர்கள். கேட்டவர்களுக்கு அந்த வரிசைதான் மனதில் இருக்கும்.

க்யூசி_மூர்த்தி

ராஜி மேடம் சொல்வது வகுப்பில் என்னென்ன நடந்தது என்று அறிக்கை எழுதுவதற்குச் சரி. அட்டைக்கு ஒத்துவராது. வகுப்பு புரியவைக்கிற வரிசையில் போகும். முதலில் ரத்தம் என்றால் என்ன, அப்புறம் பிளாஸ்மாவும் சீரமும், அதற்கப்புறம்தான் ட்யூப். வேலை செய்கிறவருக்கு அந்த வரிசை வேண்டாம். ஊசியைக் கையில் எடுத்தபின் எந்த இடத்தில் கை தயங்கி நிற்கிறதோ, அந்த இடத்துக்குப் பதில் வேண்டும். தலைப்புக்கு இரண்டு வரி என்று போனால், "எங்கள் கூடத்தின் வரலாறு" என்ற ஸ்லைடுக்கும் இரண்டு வரி வந்துவிடும்.

செல்வி, நான் செய்கிற முறை இது. வீடியோவை விஎல்சியில் ஓடவிட்டு, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: நேரம், சொன்னது, அது என்ன வகை. வகை நாலே நாலு. கை செய்கிற வேலை, பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய எண் அல்லது வரிசை, காரணம், கதை. கதை முழுவதையும் அடித்துவிடலாம். காரணத்தில் பெரும்பகுதியும் போகும். கை செய்கிற வேலையில், ஒரு வாரம் செய்தால் தானாகப் படிந்துவிடுவதும் போகும். பஞ்சால் துடைப்பது, ஊசியின் சாய்வு, இதெல்லாம் அட்டையைப் பார்த்துச் செய்கிற காரியமா? மிஞ்சுவது எண்களும் வரிசையும், எப்போது நிறுத்தி ஆளைக் கூப்பிட வேண்டும் என்பதும்தான்.

இன்னொன்று. வகுப்பில் புதியவர்கள் குறுக்கிட்டுக் கேள்வி கேட்ட இடங்களை விட்டுவிடாதீர்கள். குறிப்பு எடுக்கிறவர்கள் பெரும்பாலும் அதைத்தான் தாண்டிப் போவார்கள். ஆனால் அட்டையில் எது இருக்க வேண்டும் என்பதை அந்தக் கேள்விகள்தான் சொல்லும். அதோடு உங்களிடம் ஓடி வந்து கேட்பதை ஒரு வாரம் குறித்து வையுங்கள். இரண்டு பட்டியலிலும் இருப்பது அட்டைக்கு உறுதி.

முத்து_ஜவுளி

எங்கள் துணிக்கடை பில்லிங் கவுண்டரிலும் இப்படி ஒரு அட்டை போட்டோம், மாற்றிக்கொடுப்பது, ரத்து செய்வது எல்லாவற்றுக்கும் எந்த விசை என்று. அழகாகத்தான் அடித்திருந்தார்கள். ஒட்டியது பில் போடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் இருந்த சுவரில். திரும்பிப் பார்க்க யாருக்கு நேரம்? மானிட்டருக்குக் கீழே மாற்றி ஒட்டிய பிறகுதான் கண் போனது. அதற்குள் மென்பொருளைப் புதுப்பித்துவிட்டார்கள், பாதி விசை மாறிப் போனது. அட்டை மட்டும் அப்படியே இருக்கிறது.

செல்வி_லேப்

மூர்த்தி சார், நீங்கள் சொன்னபடி மூன்று பத்தி போட ஆரம்பித்துவிட்டேன். வகை பிரிப்பதில் ஒரு இடத்தில் தடுமாறுகிறது. 38-ஆவது நிமிடத்தில், எந்த நிற மூடி ட்யூபை எந்த வரிசையில் எடுப்பது என்று எங்கள் மூத்த டெக்னீஷியன் பேசியதை அப்படியே தருகிறேன்:

"இப்போ பாருங்க, ப்ளூ முதல்ல. அதுல சிட்ரேட்டு இருக்கு. அப்புறம் எல்லோ. பச்சை நமக்கு அபூர்வம், வந்தா எல்லோக்கு அப்புறம். பர்ப்பிள மட்டும் முன்னாடி எடுத்துடாதீங்கப்பா. ஒரு தடவ பொட்டாசியம் ஏழரைக்கு மேல வந்து, டாக்டரு பதறிப்போய் போன் பண்ணி, பேஷண்ட்டு என்னடான்னா நல்லா நடமாடிக்கிட்டு இருக்காரு... ஆங், க்ரே கடைசி. எடுத்தவுடனே கலக்கணும், ஒரு அஞ்சாறு தடவ. குலுக்கக் கூடாது, தலைகீழாத் திருப்பித் திருப்பி."

இதில் பொட்டாசியம் கதையை எடுத்துவிடலாமா? எனக்கு மனசே வரவில்லை. அந்தக் கதையைக் கேட்டதால்தான் ஊதாவைப் பற்றி எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது.

க்யூசி_மூர்த்தி

இந்த ஒரு பத்தி போதும், முழு வேலையையும் இதிலேயே பார்த்துவிடலாம்.

வரிசை அட்டையில் வந்தே ஆக வேண்டும்: நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, சாம்பல். அவர் பச்சையை அபூர்வம் என்று தள்ளிவிட்டார். நாள்தோறும் எடுக்கிற மஞ்சளும் ஊதாவும் பத்து நாளில் மனப்பாடம் ஆகிவிடும். மாதத்துக்கு ஒரு முறை வருகிற பச்சைக்குத்தான் கண் அட்டையைத் தேடும். சின்ன எழுத்திலாவது அதன் இடத்தில் அது இருக்கட்டும்.

கதை வேண்டாம், ஆனால் அதிலிருந்து ஒரு தடையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதாவில் இருக்கும் எடிடிஏ பொட்டாசியம் உப்பு. அது துளி அளவு மஞ்சளில் கலந்தாலும் பொட்டாசியம் பொய்யாக ஏறும், கால்சியம் பொய்யாக இறங்கும். வரிசை மாறினால் கலக்கும். ஆனால் அதைவிட மோசமாகக் கலப்பது, மஞ்சளில் ரத்தம் குறைவாக இருக்கிறது என்று ஊதாவிலிருந்து கொஞ்சம் ஊற்றும்போது. புதியவர்கள் இதை நல்லெண்ணத்தில் செய்வார்கள். அதனால் அட்டையில் "ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றாதே" என்று ஒரு வரி போடுங்கள். கதை வகுப்பிலேயே இருக்கட்டும், அதற்கு அதுதான் இடம்.

இனி "அஞ்சாறு தடவ". இங்கேதான் கவனம் வேண்டும். அவர் எல்லா ட்யூபுக்கும் பொதுவாகப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். ட்யூப் கம்பெனிகள் சொல்வது வேறு. நீலத்துக்கு 3 முதல் 4 முறை, மஞ்சளுக்கு 5, பச்சை, ஊதா, சாம்பலுக்கு 8 முதல் 10. ஊதாவை அஞ்சு தடவையோடு நிறுத்தினால் சின்னச் சின்னக் கட்டிகள் தங்கிவிடும், பிளேட்லெட் எண்ணிக்கை குறைவாகக் காட்டும். உங்கள் கூடத்தின் செயல்முறை ஆவணமான எஸ்ஓபியில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். வீடியோவுக்கும் எஸ்ஓபிக்கும் எண் ஒத்துப்போகவில்லை என்றால் எஸ்ஓபியில் இருப்பதுதான் அட்டைக்கு வர வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்பதை வீடியோவிலிருந்து எடுங்கள். எண்ணை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள்.

செல்வி_லேப்

பார்த்தேன் சார். எஸ்ஓபியில் 8–10 என்றுதான் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும், கையால் செய்து காட்டும்போது பத்து தடவை திருப்புகிறார். வாய்தான் அஞ்சாறு என்கிறது.

நர்ஸ்_கவிதா

ஒரு முக்கியமான விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். நீலத்துக்கு முன்னால் ஒரு ட்யூப் எடுத்துக் கொட்டிவிட வேண்டும். தோல் வழியாக ஊசி போகும்போது திசுச்சாறு கலந்து, ரத்தம் உறையும் நேரத்தை மாற்றிவிடும். நாங்கள் படித்தபோது இதைத்தான் முதலில் சொல்லித்தந்தார்கள். அட்டையில் முதல் வரியாகப் போடுங்கள்.

க்யூசி_மூர்த்தி

கவிதா மேடம், அப்படித்தான் கற்பித்தார்கள், பொய்யில்லை. ஆனால் வழக்கமாகப் பார்க்கிற உறைதல் சோதனைகளான பிடி, ஏபிடிடி இரண்டிலும் முதல் ட்யூபுக்கும் இரண்டாவதுக்கும் கணக்கில் வருகிற வித்தியாசம் இல்லை என்று தெரிந்தபின், நேர் ஊசியில் எடுக்கும்போது அது தேவையில்லை என்றாகிவிட்டது. இன்றும் தேவைப்படுவது மெல்லிய குழாயோடு வருகிற பட்டாம்பூச்சி ஊசியில். அந்தக் குழாயில் இருக்கும் காற்று நீல ட்யூபுக்குள் போய்விடும், கோடு வரை ரத்தம் வராது. நீலத்தில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கு பிசகினால், உறையும் நேரம் கூடுதலாகக் காட்டும். அதனால் பட்டாம்பூச்சியில் நீலம்தான் முதல் ட்யூப் என்றால், அதற்கு முன் ஒன்றை எடுத்துத் தள்ள வேண்டும். அந்தக் காற்றை வெளியேற்றத்தான்.

நர்ஸ்_கவிதா

எங்கள் மருத்துவமனையில் இன்னமும் எல்லாவற்றுக்கும் எடுக்கிறோம். ஒரு ட்யூப் வீணானால் என்ன, பாதுகாப்புதானே?

க்யூசி_மூர்த்தி

உங்கள் எஸ்ஓபி அப்படிச் சொன்னால் அப்படியே செய்யுங்கள். செல்வியின் அட்டைக்கு அவருடைய எஸ்ஓபிதான் பேச வேண்டும், நானும் இல்லை நீங்களும் இல்லை.

செல்வி_லேப்

இதில் ஒரு சிக்கல். 52-ஆவது நிமிடத்தில் ஒரு பெண் சரியாக இதையே கேட்கிறாள். சார் "எடுத்தா நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். எஸ்ஓபியைப் புரட்டினால் பட்டாம்பூச்சி ஊசி பற்றி ஒரு வரிகூட இல்லை! எங்கள் பேத்தாலஜிஸ்ட் மேடத்திடம் கேட்டிருக்கிறேன். முதலில் எஸ்ஓபியைத் திருத்தச் சொல்கிறேன், அது வரும்வரை அந்த வரி அட்டையில் ஏறாது, என்று சொல்லியிருக்கிறார்.

இது முதல் வரைவு. பலகையில் எழுதுகிற மாதிரி நேராகத் தருகிறேன்.

ரத்தம் எடுக்கும் வரிசை

குத்துவதற்கு முன்: பெயரையும் வயதையும் அவரே சொல்லட்டும். சீட்டோடு ஒப்பிடு.
டோர்னிக்கெட்: 1 நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

1. நீலம் | PT, APTT | கோடு வரை நிரப்பு | 3–4 முறை திருப்பு
2. மஞ்சள் | LFT, RFT, TSH | 5 முறை | நிமிர்த்தி வை, 30 நிமிடம் கழித்தே சுற்று
3. பச்சை | சீட்டில் கேட்டால் மட்டும் | 8–10 முறை
4. ஊதா | CBC, HbA1c | 8–10 முறை
5. சாம்பல் | சர்க்கரை | 8–10 முறை

ஒரு ட்யூபிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றாதே.
பார்கோடு ஸ்டிக்கர்: ஆள் எழுந்து போகும் முன், அவர் எதிரிலேயே.

நிறுத்தி ஆளைக் கூப்பிடு: இரண்டு முறை குத்தியும் வரவில்லை / நீலம் கோட்டுக்குக் கீழே நிற்கிறது / மயக்கம் வருகிறது என்கிறார் / பெயர் ஒத்துப்போகவில்லை

சோதனைப் பெயர்களை ஆங்கிலத்தில் விட்டதற்குக் காரணம், ஸ்டிக்கரிலும் திரையிலும் அப்படித்தான் இருக்கிறது. மற்றதெல்லாம் தமிழ்.

ராஜி_எச்ஆர்

நன்றாக வந்திருக்கிறது. ஆனால் "ஏன்" என்பதே எங்கும் இல்லையே? காரணம் தெரியாமல் செய்கிறவர் இயந்திரம் மாதிரி செய்வார். வரிசைக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னப் பத்தியில் காரணத்தைப் போட்டால் என்ன?

க்யூசி_மூர்த்தி

காரணம் வகுப்பில் இருக்கிறது, எஸ்ஓபியில் இருக்கிறது. அட்டைக்கு வந்தால் எழுத்து சிறிதாகும், எண்ணைத் தேட வேண்டிவரும்.

ராஜி_எச்ஆர்

"30 நிமிடம் கழித்தே சுற்று" என்பதைக் கூட்டம் நெரிகிற காலை எட்டு மணிக்கு யார் கேட்பார்கள்? "இல்லாவிட்டால் நார் கட்டும்" என்று இரண்டு வார்த்தை இருந்தால் கை கொஞ்சம் நிற்கும். அவசரத்தில் மீறத் தோன்றுகிற வரிக்கு மட்டும் காரணம் கொடுங்கள் என்கிறேன்.

செல்வி_லேப்

இது எனக்குச் சரியாகப் படுகிறது. எங்களிடம் தினமும் நடப்பது இதுதான், பத்து நிமிடத்திலேயே சென்ட்ரிஃப்யூஜில் போட்டுவிட்டு, சீரத்தில் நார் மிதக்கிறது, மெஷின் அடைக்கிறது என்று வந்து நிற்பார்கள். அந்த ஒரு வரியில் சேர்க்கிறேன். மூர்த்தி சார் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

க்யூசி_மூர்த்தி

கோபமெல்லாம் இல்லை. ஒன்று சேர்த்தால் அடுத்ததும் கேட்கும், அதுதான் கவலை.

பால்_பிரிண்ட்

அச்சுக்கடை வைத்திருக்கிறேன், லேப் விவகாரம் எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மாதிரி அட்டைகள் நிறையப் போட்டிருக்கிறேன். நிறப்பட்டைக்குப் பக்கத்தில் நிறத்தின் பெயரையும் எழுதியிருப்பது நல்லது, எடுத்துவிடாதீர்கள். யாராவது ஒருவர் அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் எடுத்துத்தான் தீருவார். அப்போது நீலமும் சாம்பலும் ஒன்றாகிவிடும். லாமினேஷன் மினுமினுப்பாக வேண்டாம், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டு எதிரொளிக்கும். மங்கலானதாகக் கேளுங்கள். நின்றபடி பார்க்கிற தூரத்துக்குத் தமிழ் எழுத்து 16 பாயிண்டுக்குக் கீழே போனால் கொம்பும் சுழியும் ஒட்டிக்கொள்ளும்.

முத்து_ஜவுளி

ஒட்டும்போது நாற்காலியில் உட்காருகிறவர் கண்ணுக்கு நேராக ஒட்டிவிடாதீர்கள். "இரண்டு முறை குத்தியும் வரவில்லை" என்று படித்துவிட்டு எழுந்து ஓடிவிடுவார்.

செல்வி_லேப்

ஹா ஹா. ட்யூப் ட்ரேக்கு மேலே, எடுக்கிறவர் கண் மட்டத்தில் ஒட்டுவதாக இருக்கிறேன்.

க்யூசி_மூர்த்தி

ஒட்டும் முன் மூன்று காரியம்.

ஒன்று, வகுப்பில் உட்காராத ஒருவரிடம் அட்டையை மட்டும் கொடுத்துப் பாருங்கள். காலி ட்யூபுகளையும் சில சீட்டுகளையும் கொடுத்து, எடுத்து அடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் பேசக் கூடாது. எங்கே கை நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் எல்லோரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள்.

இரண்டு, அட்டையின் அடியில் எஸ்ஓபி எண், பதிப்பு எண், தேதி, ஒப்புதல் கையெழுத்து. முத்து அண்ணனுடைய கடையில் நடந்தது இங்கே நடந்தால் ஆளுடைய ரிசல்ட் மாறிப்போகும். ஐஎஸ்ஓ 15189-இன் 2012 பதிப்பிலேயே, முழுச் செயல்முறை ஆவணம் கிடைக்கிற நிலையில் இருந்தால், வேலை மேசையில் சுருக்கக் குறிப்பு வைத்துக்கொள்ளலாம் என்று இருந்தது. ஆனால் தேதியும் கையெழுத்தும் இல்லாத தாள் சுவரில் இருந்தால் தணிக்கைக்கு வருகிறவர் முதலில் அதைத்தான் பிடிப்பார். எத்தனை இடத்தில் ஒட்டினீர்கள் என்று எழுதி வையுங்கள். எஸ்ஓபி மாறினால் அத்தனையையும் கிழித்தாக வேண்டும்.

மூன்றாவது, வீடியோவிலிருந்து படம் பிடித்து அட்டையில் போட்டிருந்தால், பின்னணியில் பதிவுத் திரை தெரிகிறதா என்று பாருங்கள். ஜூம் வகுப்புகளில் நோயாளிகளின் பெயரும் செல் நம்பரும் அப்படியே திரையில் திறந்து கிடக்கும்.

செல்வி_லேப்

படம் எதுவும் போடவில்லை, தப்பித்தேன். ஆனால் நீங்கள் சொன்னபின் வீடியோவைப் போய்ப் பார்த்தால் 20-ஆவது நிமிடத்தில் பதிவுத் திரை தெளிவாகத் தெரிகிறது. அந்தப் பகுதியை வெட்டச் சொல்லிவிட்டேன். வினோத் தம்பி, உங்களுக்கு வேலை வந்துவிட்டது.

ரிசப்ஷனில் இருக்கும் பெண்ணை வைத்துச் சோதித்துப் பார்த்தேன். ட்யூபுகளை வரிசையாகச் சரியாக அடுக்கினாள். சிபிசி மட்டும் இருந்த சீட்டைக் கொடுத்ததும் நின்றுவிட்டாள். "நீலம் முதலில்" என்று இருக்கிறதே, இவருக்கும் நீலம் எடுக்கணுமா என்று கேட்டாள். எங்களுக்குத் தோன்றவே தோன்றாத சந்தேகம்! இப்போது தலைப்புக்குக் கீழே "சீட்டில் உள்ள ட்யூபுகளை மட்டும், இந்த வரிசையில்" என்று சேர்த்திருக்கிறேன். அப்புறம் "சுற்று" என்ற சொல்லைப் பார்த்து ட்யூபைக் கையால் சுற்றினாள். அதை "சென்ட்ரிஃப்யூஜில் போடு" என்று மாற்றியாயிற்று.

வினோத்_எடிட்ஸ்

ஃபைலை அனுப்புங்கள் அக்கா, இன்றே வெட்டித் தருகிறேன்.

க்யூசி_மூர்த்தி

வேண்டாம் தம்பி, தப்பாக நினைக்காதீர்கள். நோயாளிகளின் விவரம் இருக்கிற ஃபைல் கூடத்தை விட்டு வெளியே போகக் கூடாது. செல்வி, அங்கேயே யாரையாவது வைத்து வெட்டுங்கள்.

தேனி_லேப்_பாய்

ரொம்ப உபயோகமான இழை. ஒரு சந்தேகம். எங்களிடம் ஈஎஸ்ஆருக்குக் கருப்பு மூடி ட்யூப் தனியாக இருக்கிறது. செல்வி அக்காவின் அட்டையில் அது இல்லையே? வரிசையில் எங்கே வரும்? எங்கள் சீனியர் ஒருவர் நீலத்துக்கு அடுத்து என்கிறார், இன்னொருவர் எல்லாவற்றுக்கும் கடைசி என்கிறார்.

செல்வி_லேப்

நாங்கள் ஈஎஸ்ஆரை ஊதாவிலேயே பார்த்துவிடுகிறோம் தம்பி, அதனால் கருப்பு எங்களிடம் இல்லை.

நர்ஸ்_கவிதா

கருப்பிலும் சிட்ரேட்தான். அப்படியென்றால் நீலத்தோடுதானே சேரும்?

க்யூசி_மூர்த்தி

சிட்ரேட்தான், ஆனால் அளவு வேறு, அதில் நாலு பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு. நீங்கள் வாங்குகிற கம்பெனியின் வரிசைத் தாளைக் கேட்டு வாங்குங்கள், ட்யூப் பெட்டியோடு வருகிற காகிதத்திலும் இருக்கலாம். அதைப் பார்த்து உங்கள் பேத்தாலஜிஸ்ட் எஸ்ஓபியில் எழுதட்டும். இரண்டு சீனியரும் ஆளுக்கொன்று சொல்கிற நிலையில் அட்டை போடாதீர்கள்.

தேனி_லேப்_பாய்

பெட்டியோடு வந்த காகிதத்தை யாரோ தூக்கிப் போட்டுவிட்டார்கள் சார். டீலரிடம் கேட்டிருக்கிறேன்.